ஜெர்மனி மாப்பிள்ளையின் முகவரி

கத்திரி வெயிலில் கே.ஜி.கண்டிகையின் தார்ச்சாலை இளகிக்கொண்டிருந்த மத்தியானத்தில், மாடியறையில் கம்பளிச் சட்டையும் கழுத்தில் மப்ளருமாக வேர்த்து வழிந்துகொண்டிருந்தான் இளம்பரிதி. மின்விசிறிக்கும் தடை. ஜெர்மனியில் விசிறி சுற்றாது என்பது அவன் அப்பா ராஜமாணிக்கத்தின் தீர்மானம்.

"மே மாசம் அங்கயும் வெயிலுதான் நைனா" என்று சொல்லிப் பார்த்தான்.

"ஜெர்மனின்னா குளிரு. நீ பாத்தியா, நான் பாத்தேனா?"

"நான்தானே நைனா பாத்தேன். ரெண்டு வருசம் இருந்தேன்."

"வாயாடாத. மப்ளர இறுக்கிக் கட்டு."

பிராங்பர்ட்டில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஆள்குறைப்பு செய்ததில், இளம்பரிதி ஊர் திரும்பி இரண்டு மாதமாகிறது. சென்னையை ஒட்டிய ஒரகடத்தில் நல்ல வேலையும் கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சேர வேண்டும். ஆனால் ராஜமாணிக்கத்துக்கு இதெல்லாம் ஊருக்குத் தெரியக்கூடாது. மஞ்சள் நீராட்டு முதல் கபடிப் போட்டி வரை அவர் வைக்கிற ஒவ்வொரு பேனரிலும் 'ஜெர்மனி' இளம்பரிதி என்று மகன் பேருக்கு முன்னால் ஒரு நாட்டையே ஒட்டவைத்தவர் அவர். தனக்கோ பாஸ்போர்ட்டே கிடையாது. ஆகையால் மகன் பகலில் வெளியே தலைகாட்டக் கூடாது, இருட்டிய பிறகு மொட்டை மாடியில் வேண்டுமானால் ஜெர்மனிக் காற்று வாங்கலாம்.

அன்று நடக்கவிருந்தது போனில் முகம் பார்த்துப் பெண் பேசுவது. திருவாலங்காட்டு முருகவேலின் மகள் கவிப்பிரியா, சென்னையில் ஒரு வங்கியின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவள். "பொண்ணு பேசி சரின்னா சரி" என்று முருகவேல் சொல்லிவிட்டார். திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் அப்பளம் வைக்க மறந்தவரை நிறுத்தி, "அண்ணா, இந்த இலை மட்டும் விரதமா?" என்று அவள் கேட்டதை எதிர் வரிசையிலிருந்து பார்த்த நாளிலிருந்து இளம்பரிதிக்கு வேறு யாரையும் கட்டிக்கொள்ளும் யோசனை வரவில்லை. இந்தப் பேச்சு கெட்டால் எல்லாம் கெட்டது.

"பயப்படாத" என்றார் ராஜமாணிக்கம். "இருக்கற ஊர மறைக்கற விபிஎன் வாங்கிக் குடுத்துருக்கேன் இல்ல? பிராங்பர்ட்னு தட்டிட்டேன். இனிமே உலகமே உன்ன ஜெர்மனிலதான் பாக்கும். ஒபாமா பாத்தாலும் ஜெர்மனிதான்."

"ஒபாமா எதுக்கு நைனா பாக்கறாரு?"

அவர் பக்கத்து அறைக்குப் போனார். வெயிலுக்குச் சட்டையைக் கழற்றித் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கதவிடுக்கில் காதை வைத்தார்.

கவிப்பிரியா அனுப்பிய இணைப்பு அவளே சென்னையில் வைத்திருக்கும் சர்வரில் இயங்குவது. அதைத் தொட்டதும், உங்கள் இருப்பிடத்தைப் பார்க்க அனுமதிக்கலாமா என்று கேட்டது. கேமரா, மைக் என்று வரிசையாக அனுமதி கொடுத்துக்கொண்டே வந்த பரபரப்பில் இளம்பரிதி அதற்கும் சரி என்று தட்டிவிட்டான். திருவாலங்காட்டு வீட்டிலிருந்து அவள் முகம் திரையில் வந்தது.

"வணக்கங்க. அங்க எப்டி இருக்கு?"

"குளிருதுங்க" என்றான். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை மப்ளருக்குள் இறங்கியது.

"ஆங், முகத்துலயே தெரியுது."

வெளியே திருத்தணி பஸ் ஒன்று, தெருவையே தூக்கிப் போகிறமாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. விபிஎன் அதை மறைக்கவில்லை. அதன் வேலை அதுவுமில்லை.

"பிராங்பர்ட் பஸ்ஸா?" என்றாள் கவிப்பிரியா.

"அது... டிராம்."

"நம்ம பஸ் மாதிரியே ஹாரன் வெச்சிருக்காங்க." உதட்டைக் கடித்தாள். "நான் சர்வர்ல பதிவாகற லாக் பாக்கற வேலை செய்யறவங்க. பழக்கதோஷம். யாரு வந்தாலும் எங்கிருந்து வராங்கன்னு கண்ணு போயிடும். உங்க ஐபி முகவரி பிராங்பர்ட்னுதான் காட்டுது. அதுல குத்தமே இல்ல."

கதவுக்குப் பின்னால் ராஜமாணிக்கம் தொடையைத் தட்டிக்கொண்ட சத்தம் கேட்டது.

"ஆனா அது வீட்டு முகவரி இல்லீங்க. சர்வர் வாடகைக்கு விடற கம்பெனியோட முகவரி. மனுசங்க யாரும் அங்க குடித்தனம் இருக்கமாட்டாங்க. அப்புறம் உங்க போன் என்கிட்ட நேரம் சொல்லுது. இந்திய நேரம். போனை மாத்தலியே நீங்க, போற பாதையத்தானே மாத்தினீங்க?"

இளம்பரிதி மப்ளர் நுனியால் நெற்றியைத் துடைத்தான்.

"அதோட, இருப்பிடம் காட்டலாமான்னு கேட்டதுக்கு நீங்களே சரின்னு அமுக்கிட்டீங்க. ஜிபிஎஸ்ஸுக்கும் விபிஎன்னுக்கும் சம்பந்தமே இல்ல. மேப்புல புள்ளி கண்டிகை டீக்கடைக்கு எதிர்ல நிக்குது." இப்போது அவளால் அடக்க முடியவில்லை, சிரித்தே விட்டாள். "நாம ரெண்டு பேரும் ஸ்கூட்டியில போற தூரத்துல இருக்கோம். நீங்க பேசற ஒவ்வொரு 'ங்க'வும் ஜெர்மனிக்குப் போயி அங்கிருந்து சென்னை வந்து என்கிட்ட வருது. பாவம், எவ்ளோ அலைச்சல்!"

இளம்பரிதி மப்ளரைக் கழற்றினான். "பொய் சொல்லிட்டேங்க. வேலை போயிருச்சு. ரெண்டு மாசமா இங்கதான்..."

அதற்குமேல் பொறுக்க முடியாமல் ராஜமாணிக்கம் பாய்ந்து வந்து போனின் முன்னால் நின்றார். வெற்று மார்பு, தோளில் ஈரிழைத் துண்டு, நெற்றியில் விபூதிப் பட்டை.

"அம்மாடி, அவன் குளிர்ல உளர்றான். நாங்க ஜெர்மனிலதாம்மா கீறோம்."

"நீங்களுமா?"

"ஆங். நானும்தான். புள்ளையப் பாக்க வந்துகீறேன்."

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. மோடத்தின் விளக்கு அணைந்தது. போன் தானாகவே செல்போன் இணையத்துக்குத் தாவியது. விபிஎன் அறுந்தால் இணையத்தையும் சேர்த்து நிறுத்தும் வசதி ஒன்று அதில் இருந்தது. "சும்மா சும்மா நெட்டு நின்னுபோவுது" என்று முந்தின நாள்தான் ராஜமாணிக்கம் அதை அணைத்துவைத்திருந்தார். படம் உறைந்து, சுழன்று, மறுபடி வந்தது. வந்த வழியில் ஜெர்மனி இல்லை.

"இப்ப உங்க முகவரி இந்திய செல்போன் கம்பெனிதுங்க" என்றாள் கவிப்பிரியா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஜெர்மனில பவர் கட்டா, மாமா?"

ராஜமாணிக்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நைனா, போதும்" என்ற இளம்பரிதி போனைத் தன் பக்கம் திருப்பினான். விபிஎன் மறுபடி பிராங்பர்ட்டைப் பிடிக்க முட்டிமோதிக்கொண்டிருந்ததை அவனே அணைத்தான். "ஒரகடத்துல வேலை கெடச்சிருக்குங்க. அடுத்த மாசம் சேரணும். ஜெர்மனி சம்பளம் இல்ல. இனிமே போறதாவும் இல்ல. பிடிக்கலன்னா சொல்லிடுங்க. ஆனா உங்கள மண்டபத்துல பாத்ததுலேர்ந்து... இது பொய்யில்ல."

அவள் சிரிப்பு நின்றது. போனை முகத்துக்கு நெருக்கிப் பிடித்தாள்.

"ஒரகடமா? நெசமாவா?"

"ஆங்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க? ஜெர்மனி போனா என் வேலைய விடணுமேன்னு ஒரு வாரமா தூக்கமில்ல. எப்டி வேணாம்னு சொல்றதுன்னுதான் இன்னிக்கு உக்காந்தேன்." மூச்சு விட்டாள். "இப்ப எனக்குச் சரிதான். ஆனா எங்கப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும். அவரு ஆலங்காடு பூரா ஜெர்மனி மாப்ளன்னு சொல்லிவெச்சிருக்காரு."

அவள் போனைத் திருப்பினாள். முருகவேல் பளபளக்கும் பட்டுச் சட்டையில், கூப்பிடட்டும் என்று காத்திருந்தவரைப்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். இளம்பரிதி ஒன்றையும் விடாமல் சொன்னான். முருகவேலின் முகம் சுருங்கியது, மகளைப் பார்த்தது, மெல்ல விரிந்தது.

"பொண்ணு பக்கத்துலயே இருக்கும்னு சொல்றீங்க" என்றார்.

"ஆமாங்க மாமா."

"அப்ப சரி." அவர் திரையை நெருங்கி, மூலையில் துண்டுக்குள் ஒளிந்திருந்த உருவத்தைக் கண்டுபிடித்தார். "அது யாரு, சம்மந்தியா? நீங்க எப்ப ஜெர்மனி போனீங்க?"

ராஜமாணிக்கம் துண்டை எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

"இப்பதான் திரும்பி வந்து எறங்குனேன், சம்மந்தி."