உறிஞ்சுகுழிக்கு ஒரு மூலை

இன்ஜினியர் கொடுத்த வீட்டுப் படத்தைப் பார்த்ததும் தையல்காரியின் முகம் சுண்டிப்போனது. செப்டிக் டேங்க்கையும் உறிஞ்சுகுழியையும் அவர் தெருப்பக்கத்து வலது மூலையில் வரைந்திருந்தார். அந்த மூலையில்தான் அவள் மனசுக்குள் கடை கட்டி, பலகை மாட்டி, மெஷினும் போட்டு வைத்திருந்தாள். பத்துக்குப் பன்னிரண்டு. ஷட்டரைத் தூக்கினால் தெரு. வாடகைக் கடையில் அடுத்தவன் சுவருக்கு ஆணி அடிக்கப் பயந்து பயந்து காலம் தள்ளியவளுக்கு வேறென்ன ஆசை இருக்கும், சொல்லுங்கள்?

"சார், பின்னாடி அவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கு? அங்க தள்ளிடுங்களேன்" என்று போனில் கெஞ்சினாள்.

"பின்பக்கம் போட்டா பக்கத்து வீட்டுக் கிணறு கிட்டத்துல வந்துரும்மா. டேங்க் கான்கிரீட், அது கசியக்கூடாது. குழி அப்படி இல்ல, கசியறதுதான் அதோட வேலை. கிணத்துக்கும் குழிக்கும் நடுவுல அம்பது அடியாவது வேணும், எல்லையிலேர்ந்து அஞ்சு அடி. அதுக்குத்தான் முன்னாடி போட்டேன்."

"பின்னாடியே அம்பது அடி இருந்தா?"

"இருந்தா எனக்கென்னம்மா, தாராளமா போட்டுக்கோங்க. சரியா அளந்துட்டுச் சொல்லுங்க."

பக்கத்து வீடு வேறு யாருடையதும் இல்லை, புருஷனின் அக்கா வீடுதான். நடுவில் பேருக்கு ஒரு கம்பி வேலி. தெருவுக்கே குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் நாத்தனார் அதைச் சீண்டவில்லை. "எங்க கிணத்துத் தண்ணிய விட்டுட்டுக் குழாயில வர்ற மருந்தையா குடிக்கச் சொல்றீங்க?" என்பாள். பெருமை பிடித்தவள். ஆனால் தம்பி பெண்டாட்டி மேல் உயிரை வைத்திருந்தாள். வீட்டு வேலை தொடங்கியதிலிருந்து வேலிக்கு மேல் காபி டம்ளர் வராத காலை கிடையாது.

அளக்கப் போன அன்று வீட்டின் சுவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பியிருந்தன. கொத்தனார் ஜன்னல்களுக்கு மேல் லிண்டல் போடும் வேலையில் மும்முரமாக இருந்தார். "நீங்களே அளந்துடுங்கம்மா, அளக்கறது உங்க தொழில்தானே!" என்று மேலிருந்தே சிரித்தார். நாத்தனார் கிணற்று ஓரத்தில் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டாள். தையல்காரி மறுமுனையை இழுத்துக்கொண்டு வேலியைத் தாண்டி, வீட்டுச் சுவரை ஒட்டி நடந்தாள். பின் மூலை வந்ததும், தோள் வளைவில் டேப்பைப் படிய வைப்பது போலப் படிய வைத்துத் திருப்பி, குழி வரப்போகும் இடம் வரை கொண்டுபோனாள். உடம்பின் வளைவோடு போகாத அளவு தப்பான அளவு என்பதுதான் அவள் இத்தனை வருஷமாகக் கற்றது.

"எவ்வளவுடி?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள் நாத்தனார்.

"அம்பத்திநாலு அக்கா!"

"அப்புறமென்ன, கட்டுடி கடையை!"

டேங்க்கும் பின்பக்கம் போனது, குழியும் போனது. துளைவிட்ட சிமென்ட் உறைகளை இறக்கி, சுற்றிலும் கல் நிரப்பி, மேலே கான்கிரீட் பலகை போட்டு மூடினார்கள். முன்னால் கடை எழும்பியது. ஷட்டரை முதல்முதலாகத் தூக்கியதும் நாத்தனார்தான். முதல் அளவு கொடுத்ததும் அவள்தான். "இடுப்பைக் குறைச்சு எழுது, நாளைக்கே இளைக்கப் போறேன்."

அடுத்த மழைக்காலம் கொட்டித் தீர்த்தது. கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்தது. மழை விட்ட பிறகு நாத்தனார் புருஷனுக்கு மஞ்சள் காமாலை. லாரி ஓட்டும் மனுஷன், கட்டிலோடு கிடந்தார். கண்ணெல்லாம் மஞ்சள், கஞ்சி கூட இறங்கவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த லாரிக்கு முதலாளி வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

சுகாதார ஆய்வாளர் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். மலக்கிருமி இருக்கிறது என்று வந்தது. "கிட்டத்துல கழிவுக்குழி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

நாத்தனாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க வீட்டுக் குழி அந்தக் கோடியில, கிணத்தை விட்டு ரொம்ப தூரத்துல இருக்கு. தம்பி வீட்டுக் குழி அம்பத்திநாலு அடி தள்ளி இருக்கு. நான்தான் சார் டேப்பைப் பிடிச்சேன். எலி ஏதாவது விழுந்து செத்திருக்கும்."

கிணற்றை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தையல்காரியும் எலியைத்தான் திட்டினாள்.

இரண்டு நாள் போயிருக்கும். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனாள். ஈரப் புடவையை உதறி நிமிர்ந்தால், இடது பக்கம் கீழே கிணறு. தலையைத் திருப்பினால் பின்பக்கம் குழியின் மூடி. மாடியிலிருந்து பார்க்கையில் நடுவே சுவர் இல்லை, மூலை இல்லை. புடவை கையிலேயே இருந்தது, அவள் நின்றுவிட்டாள்.

புருஷனைக் கூப்பிட்டுக் கொடிக்கயிற்றை அவிழ்த்து, கிணற்றுக்கு நேராக ஒரு முனையும் குழிக்கு நேராக ஒரு முனையும் மாடிக் கைப்பிடிச் சுவரில் நிறுத்திப் பார்த்தாள். அந்தக் கயிற்றை டேப்பில் அளந்து, சுவருக்கு வெளியே இரண்டு பக்கமும் நீளும் தூரத்தையும் அதோடு கூட்டினாள். முப்பத்தெட்டு அடி.

உடனே இன்ஜினியருக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர், "ஏம்மா, தண்ணி என்ன உங்க வீட்டைச் சுத்திக்கிட்டு நடந்தா போகும்? மண்ணுக்குள்ள நேராப் போகும். மழைக்கு ஊத்து வேற மேல ஏறியிருக்கும். குழியை முன்னாடி கொண்டுவந்தே ஆகணும். டேங்க்குலேர்ந்து பக்கவாட்டுல வாட்டம் கொடுத்துப் பைப் இழுத்துடலாம். ஆனா ரூமுக்கு அடியில குழி போட முடியாது" என்றார்.

அதாவது, கடை போக வேண்டும்.

"இடிக்கறதுன்னா இடிச்சிடலாம். அக்காகிட்ட முதல்ல சொல்லு" என்றான் புருஷன்.

"சொல்றேன். கைவசம் இருக்கற கல்யாணத் துணியெல்லாம் தைச்சுக் கொடுத்துட்டுச் சொல்றேன்."

கல்யாணத் துணி முடிந்தது. அதற்குப் பின் இன்னொரு துணி வந்தது. தினமும் ஷட்டரைத் தூக்கும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். இறக்கும்போது நாளைக்கு என்பாள். வேலிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் மறுபடியும் ஆள் வைத்துக் கிணறு இறைத்தாள். மருந்து போட்டாயிற்றே என்ற தைரியத்தில் அந்தத் தண்ணீரையே வடிகட்டிக் குடித்தாள். தையல்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பட்டன் தைத்தாள். "குழாய்த் தண்ணி எடுத்துக்கோங்க அக்கா" என்று சொன்னாளே தவிர, ஏன் என்று சொல்லவில்லை.

பிறகு நாத்தனாருக்கே உடம்புக்கு வந்தது. காமாலை இல்லை, வயிற்றுப்போக்குதான், ஆனாலும் ஆளை உலுக்கிவிட்டது. அன்றைக்குத்தான் தையல்காரி வேலியைச் சுற்றிப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சுவரை ஒட்டி அளந்ததை, மாடியில் பார்த்ததை, கடையை இடிக்கப் போவதை.

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். "அளந்ததை விடு. நான்தானே பிடிச்சேன், எனக்கு மட்டும் எங்க உறைச்சுது? மாடியில என்னைக்குப் பார்த்த?"

"அது... கொஞ்ச நாளாச்சு அக்கா."

"ரெண்டாவது தடவை இறைச்சேனே, அதுக்கு முன்னாடியா?"

"ஆமா அக்கா."

நாத்தனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே கடையை இடித்தார்கள். பழைய குழிக்குப் போகும் பைப்பை அடைத்து, உள்ளே கிடந்ததை லாரி வைத்து உறிஞ்சி, மண் போட்டு மூடினார்கள். புதுக்குழி படத்தில் இருந்த இடத்துக்கே வந்தது. பக்கத்து எல்லையிலிருந்து அஞ்சு அடி, கிணற்றிலிருந்து நேர்க்கோட்டில் ஐம்பத்தொரு அடி. கிணற்றை மறுபடி மறுபடி இறைத்து, மருந்து போட்டு, பரிசோதனைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த மழைக்காலமும் தாண்டிய பிறகுதான் தண்ணீர் நல்லது என்று வந்தது. நாத்தனார் புருஷன் தேறி எழுந்து வேறொருவரிடம் லாரி ஓட்டப் போனார்.

தண்ணீர் நன்றாகிவிட்டது என்று புருஷன் சொன்னதும் தையல்காரி அந்த வீட்டுக்கு ஓடினாள். நாத்தனார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க, உக்காருங்க" என்றாள். "காபி சாப்பிடறீங்களா?"