அண்ணனைப் பெயர் சொல்லி அழைத்த மின்னஞ்சல்

அண்ணன் இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்து, எங்கள் கப்பல் ஏஜென்சி அலுவலகத்துக்கு வந்தேன். ஒரு மென்பொருள் கம்பெனி அவருக்கு எழுதியிருந்தது: "ஹாய் கஸ்பார்! உங்களைக் காணோமே! வெபினாருக்கு வாங்க, டெமோ பாருங்க!" நாங்களே பெயர் சொல்லிக் கூப்பிடாத மனிதர்.

"கீழ அன்சப்ஸ்கிரைப் இருக்கு அண்ணாச்சி, அமுக்கட்டுமா?" என்றாள் கணினி முன் உட்கார்ந்திருந்த அலுவலகப் பெண் அனுஜா.

"மொறையா எழுதும்மா. வெபினாரும் டெமோவும் வேண்டாம், அண்ணன் இறந்துட்டாங்க, பேரை எடுங்கன்னு."

உடனே பதில் வந்தது: "நன்றி கஸ்பார்! டெமோவுக்கு எந்த நாள் வசதி?"

"மெஷின் அண்ணாச்சி, அது வாசிக்காது."

"அப்ப அமுக்கு."

அமுக்கினாள். நீக்கிவிட்டதாகத் திரை சொன்னது. கூடவே, விருப்பமிருந்தால் காரணம் சொல்லும்படி கேட்டது.

"என்ன போட?"

"ஒண்ணும் போடாத. அண்ணன் சாவை இவனுககிட்ட ஒரு தடவை சொன்னதே கேவலம்."