அத்தாயி பெயரில் ஒரு விண்ணப்பம்

எம்.எல்.ஏ.வுக்கு நான் எழுதிய முதல் கடிதம் பதினோரு பக்கம். அதில் ஒரு கரடி வந்தது.

கரடியை நான் சும்மா கொண்டுவரவில்லை. வீட்டுக்குக் கரண்ட் வேண்டும் என்று கேட்கிறவன் இருட்டு எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டாமா? எங்கள் மண்ணெண்ணெய் விளக்கைத் தேடி வருகிற விட்டில்பூச்சி, அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பரிதாபப்பட்டுத் திரும்பிப் போய்விடும். அந்த வெளிச்சத்தில் ஒரு நாள் பொழுது சாயும் நேரம், பக்கத்து வீட்டுக் கருப்பண்ணன் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துப் பலாச்சுளை கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தேன். மிளகு விலை, மழை எல்லாம் பேசினேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கருப்பண்ணன் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. இதை நான்கு பக்கம் எழுதினேன்.

நாங்கள் இருப்பது கொல்லிமலையில், பைல் நாடு என்கிற பகுதியில். 1998இல் அரசாங்கம் எங்களுக்கு ஒரு தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்தது. வீட்டுக்காரி பெயரில்தான் கொடுப்பார்கள் என்பதால் வீடு என் மனைவி அத்தாயி பெயரில். வீட்டுவரி ரசீது அவள் பெயரில். அதனால் மின் இணைப்புக்கு 1999இல் போட்ட விண்ணப்பமும் அவள் பெயரில்தான். எங்களுக்குப் பிறகு எழுதிப் போட்ட மூன்று வீட்டில் பல்பு எரிந்தது. எங்கள் வீட்டுக்கு இருபதடி தள்ளிக் கம்பம் நின்றது. அங்கேயேதான் நின்றது.

2002 ஆனியில் விறகடுக்குத் தடுக்கி விழுந்து எனக்குக் கால் பிசகியது. சேந்தமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகள் சுமதி பஸ் ஏறி வந்தாள். காலைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள்.

"பொங்கல் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள கரண்ட் வந்தாச் சரி. வல்லீன்னா ஊட்டப் பூட்டிப்போட்டு நீங்க கீழ வந்துரோணும்" என்றாள்.

"கீழே வந்து நான் என்ன பண்றது, சாமி?"

"மேல இருந்துதான் என்ன பண்றீங்க?"

பதில் இருந்தது. சொல்லும்படியாக இல்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே எனக்கு மூச்சு விடுவதுகூட வாடகைக்கு எடுத்தது மாதிரி இருக்கும். அதனால்தான் பதினோரு பக்கம் எழுதினேன்.

எம்.எல்.ஏ. ஆபீஸ் சேந்தமங்கலத்தில் இருந்தது. மனுக்களைப் பார்க்கிறவர் அர்த்தனாரி. ஒல்லியான ஆள், காதில் பேனா. கடிதம் அனுப்பி மூன்று வாரம் கழித்து நேரில் போய், மாதன் என்று பெயரைச் சொன்னேன்.

"கரடி மாதனுங்களா? வாங்க வாங்க" என்றார். "ரெண்டு தடவ படிச்சேனுங்க. ஊட்டுக்குக் கொண்டுபோயிப் பொண்டாட்டிக்கும் படிச்சுக் காட்டினேன். அவ இன்னுங் கரடி என்னாச்சுன்னு கேட்டுட்டு இருக்கறா."

"எம்.எல்.ஏ. படிச்சாருங்களா?"

"அவருகிட்ட எதக் கொடுக்கறது? விண்ணப்ப நம்பர் எங்கீங்க இருக்குது?"

"ஒம்பதாம் பக்கம்."

"ஒம்பதாம் பக்கத்துல, ஒரு பலாப்பழத்த ஆறு பேரு தூக்குன கதைக்கு நடுவுல இருக்குது." என் கடிதத்தை மரியாதையாக மடித்து என்னிடமே கொடுத்தார். "ஏனுங்க பெரியவரே, எம்.எல்.ஏ. கம்பியக் கொண்டாந்து மாட்ட மாட்டாருங்க. மாட்டச் சொல்லி உத்தரவு போடவும் முடியாது. இது எந்த நெலமையில இருக்குதுன்னு இஞ்சினியரக் கேட்டு ஒரு கடுதாசி போடுவாரு. நம்ம எம்.எல்.ஏ. எழுதுனா பதில் எழுதுவாங்க. அதுக்கு ஒரே பக்கம் போதும். யாரு பேரு, எந்தத் தேதி, என்ன நம்பர், எந்த ஆபீஸ், என்ன வேணும். ரசீதுல ஒரு ஜெராக்ஸ். யாரையும் திட்டாதீங்க. நடந்தத மட்டும் எழுதுங்க."

"நடந்தத மட்டும் எழுதுனா ரொம்பச் சின்னதாப் போயிருமேங்க?"

"போகட்டுங்க."

அந்த ஆபீஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதினேன். என் ஆயுளில் பட்ட கஷ்டங்களில் அது ஒன்று. ஒவ்வொரு வரி முடிவிலும் கரடி வந்து நின்று தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது.

"என் மனைவி அத்தாயி பெயரில் உள்ள வீட்டுக்கு மின் இணைப்பு கோரி 14.9.1999 அன்று மலைமேல் உள்ள மின் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்தோம். பதிவு எண் 212. ரசீது நகல் இணைத்துள்ளேன். பின்னால் பதிவு செய்த மூன்று வீடுகளுக்கு இணைப்பு தரப்பட்டுள்ளது. எங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது என்று கேட்டுத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

அர்த்தனாரி படித்தார். "பாத்தீங்களா, நல்லாத்தான் எழுதறீங்க" என்று பதிவேட்டில் ஏற்றினார். எம்.எல்.ஏ. கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு என் கடிதமும் அந்த வாரமே மலையேறியது. நான் இறங்கின பஸ்ஸில்தான் அதுவும் ஏறியிருக்க வேண்டும். என்னைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். அதற்குக் கால் பிசகவில்லை.

புரட்டாசியில் அர்த்தனாரி ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். போனேன். அன்று அவர் கரடியைப் பற்றிக் கேட்கவில்லை. இஞ்சினியரிடமிருந்து வந்த பதிலை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பதிவு எண் 212க்கு முறைப்படி முன்னுரிமை வந்து, ஒப்பந்தப் படிவத்தில் விண்ணப்பதாரரின் கையெழுத்துப் பெற எமது பணியாளர் மூன்று முறை நேரில் சென்றார். 20.3.2001 அன்று, விண்ணப்பதாரர் சேந்தமங்கலத்தில் மகள் வீட்டுக்குச் சென்றுள்ளதாக அவரது கணவர் தெரிவித்தார். 11.7.2001 அன்று, விண்ணப்பதாரர் பழனிக்கு நடந்து சென்றுள்ளதாகத் தெரிவித்தார். 6.12.2001 அன்று, விண்ணப்பதாரர் விமானம் மூலம் காசிக்குச் சென்றுள்ளதாகவும், திரும்பும் தேதி தெரியாது எனவும் தெரிவித்தார். விண்ணப்பதாரர் ஊர் திரும்பியதும் கையெழுத்திட்டால் பத்து நாட்களில் இணைப்பு வழங்கப்படும்."

அரசாங்கக் காகிதத்தில் என் பேச்சு அச்சாகியிருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கோப்பு எங்கேயோ தூங்குகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தாலாட்டுப் பாடினது நான்.

"இஞ்சினியரு மேல தப்பே இல்லீங்க" என்றார் அர்த்தனாரி. "ஆத்தா எப்பத்தான் வர்றாங்க? வந்தா ஒரு கையெழுத்து."

"கேட்டுச் சொல்றேனுங்க" என்றேன். வாய் அப்படிப் பழகிவிட்டது.

காகிதத்தை வாங்கிக்கொண்டு சுமதி வீட்டுக்கு நடந்தேன். மூன்று தெரு. சுமதி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள். காசிக்கு வந்தபோது சிரித்துவிட்டாள். பிறகு முதல் தேதிக்குத் திரும்பிப் போனாள்.

"மார்ச்சு இருவது" என்றாள். "அம்மா போயி ஒரு மாசந்தான ஆச்சு அப்ப."

"கையெழுத்து வாங்க வந்த பையன் புதுசு, சாமி. கீழேயிருந்து வந்தவன். அத்தாயி அம்மா இருக்காங்களான்னு கேட்டான். ஊருல யாரும் என்கிட்ட அப்படிக் கேக்கறதில்ல, எல்லாருக்கும் தெரியும். அவன் கேட்டான். இருந்தாள்னா எங்க இருப்பாள்னு யோசிச்சேன். உங்கூட்டுலதான் இருப்பா."

"எங்கூட்டுக்கு அனுப்புனீங்க, சரி. பழனிக்கு எதுக்கு நடக்க உட்டீங்க? முட்டி வலியோட?"

"அதான் அடுத்த தடவ ஏரோப்ளேன்ல அனுப்புனேன்."

சுமதி மறுபடி வெங்காயத்தை எடுத்தாள்.

"இங்க எத்தன நாளு இருந்தாங்கப்பா?"

"ஜூலை வரைக்கும். அப்புறந்தான் பழனி."

"நல்லா இருந்தாங்களா?"

"ஒரு குறையுஞ் சொல்லல" என்றேன்.

அன்றைக்கு அங்கேயே தங்கினேன். மறுநாள் அவள் பிள்ளையின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். "எழுதுங்க. நடந்தத மட்டும்" என்று அவள் சொல்லவில்லை. ஆனால் பக்கத்திலேயே நின்றாள்.

பதினோரு பக்கம் எழுதினவனுக்கு அந்த ஒரு வரி வரவில்லை. மகள் வீடு, பழனி, காசி எல்லாம் எழுதிவிடலாம். காசிக்கு அப்பாலும் ஊர்கள் இருக்கின்றன. அவள் திரும்பும் தேதி தெரியாது என்பதும் பொய்யில்லை. பேனாவை மூடி மூடித் திறந்தேன். பிறகு எழுதினேன்.

"பதிவு எண் 212இன் விண்ணப்பதாரர், என் மனைவி அத்தாயி, 16.2.2001 அன்று இறந்துவிட்டார். இதை அலுவலகத்துக்கு நான் தெரிவிக்கவில்லை. இறப்புச் சான்றின் நகல் இணைத்துள்ளேன். பழைய பதிவு முன்னுரிமை மாறாமல் விண்ணப்பத்தை என் பெயருக்கு மாற்றித் தர வேண்டுகிறேன்."

இறப்புச் சான்று சுமதியிடம்தான் இருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் அப்போதே பதிவு செய்து வாங்கி வைத்திருந்தாள். அதை நான் அதுவரை வாசித்ததில்லை.

அர்த்தனாரி கடிதத்தைப் படித்துவிட்டுக் காதிலிருந்து பேனாவை எடுத்தார். திருத்த எதுவுமில்லாமல் மறுபடி காதிலேயே வைத்தார். "டீ சாப்பிடுங்க" என்றார். அப்புறம், என்னைப் பார்க்காமல், வாரிசுச் சான்றுக்கு நாமக்கல்லில் தாசில்தார் ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும், வீட்டுவரி பெயரைப் பஞ்சாயத்தில் மாற்ற வேண்டும், மகள் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் தர வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார்.

என்னைக் கீழே இறக்க நின்றவள் சுமதி. நான் மேலே இருக்க ஆட்சேபணை இல்லை என்று அவள்தான் எழுத வேண்டியிருந்தது. எழுதினாள். கையெழுத்துப் போட்டு, "முன்னுரிமை கெடாம இருக்கோணும், பாத்துக்கங்க" என்று அர்த்தனாரியிடம் சொன்னாள்.

ஐப்பசியும் கார்த்திகையும் சான்றுகளுக்குப் போயின. இரண்டு மாதமும் மழை. எங்கள் மழை விழுந்து முடிப்பதற்குள் அடுத்த மழை வந்து பின்னால் வரிசையில் நிற்கும். மார்கழி பாதியில் பெயர் மாறியதாகத் தபால் வந்தது. ஆறாம் நாள் காலையில், அந்தப் பையன், யுவராஜ், ஏணியும் மீட்டருமாக வந்து நின்றான்.

"விண்ணப்பதாரரு இருக்காங்களா?" என்றான், கையிலிருந்த படிவத்தைப் பார்த்தபடி. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "ஓ… நீங்கதானுங்களா."

"நாந்தான். எங்கீம் போகல."

கையெழுத்துப் போட்டேன். கம்பியை இழுத்தான், மீட்டரை மாட்டினான். அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று வருஷம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் என்று சொன்னால் என்னை நம்ப மாட்டார்கள்.

"ஊட்டுல வேற யாரு இருக்கறாங்க?" என்று கேட்டான், பொருள்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டே. சும்மா கேட்டான்.

நாக்கு நுனியில் ஒருத்தி தயாராக நின்றாள், மூட்டை முடிச்சோடு.

"யாரும் இல்லீங்க. நான் மட்டுந்தான்" என்றேன்.

அவன் சிரித்தான். நம்பவில்லை. நான் சொன்னதை நம்பி மூன்று தடவை ஏமாந்தவன் எப்படி நம்புவான்? "சுச்சுப் போடுங்க, எரியுதான்னு பாத்துட்டுப் போறேன்" என்று உள்ளே எட்டிப் பார்த்தான்.

போட்டேன். ஜன்னல் இல்லாத அந்த அறை ஒரு மூலை பாக்கியில்லாமல் தெரிந்தது. ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஏணியைத் தோளில் தூக்கியவன் பாயைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான்.

"சரிங்க" என்றான், மெதுவாக.