கைக்கு எவ்வளவு

அந்த ஸ்கிரீன்ஷொட்டைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிறு காலை, ருவான்வெல்லைக் கடைத்தெருவில் என் கொமினிகேஷன் கடையை அப்போதுதான் திறந்திருந்தேன். கிருஷ்ணகுமாரி உள்ளே வந்து போனை என் முன்னால் நீட்டினாள். வேலை தேடித் தரும் கம்பனியிலிருந்து டிலினி மிஸ் அனுப்பிய வட்ஸ்அப் செய்தி அது. ஹொரணைப் பக்கத்துக் கையுறைத் தொழிற்சாலைக்காரர்கள் டிலினிக்கு எழுதிய ஈமெயிலை அவள் அப்படியே படம் பிடித்து அனுப்பியிருந்தாள்.

ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: இவரின் தற்போதைய மொத்தச் சம்பளம் எண்பத்தையாயிரம். நாங்கள் மொத்தம் தொண்ணூற்றையாயிரம் தருகிறோம். இது எமது இறுதி முடிவு. கீழே டிலினி தன் பங்குக்கு, நல்ல ஒஃபர், திங்கள் பத்து மணிக்குள் சம்மதம் சொல்லுங்கள், இன்னொருவரும் காத்திருக்கிறார் என்று ஒரு சிரிக்கும் முகத்தோடு எழுதியிருந்தாள். அந்தச் சிரிக்கும் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கூடுதலாக எரிந்தது.

"இறுதி முடிவாம். இவங்க யாருடீ முடிவு சொல்ல? போனைக் குடு, நான் எழுதுறேன்" என்றேன்.

"நீ எழுதினா வேலையும் போகும், டிலினி மிஸ்ஸும் போகும்" என்றாள் அவள். "நானே எழுதிட்டேன். நீ பிழை மட்டும் பாரு."

அவள் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதிப்புக்குரிய மேடம், தாங்கள் கருணை கூர்ந்து எனது ஏழ்மை நிலையைக் கருத்திற்கொண்டு, ஏதேனும் கூட்டித் தர முடியுமாயின் என்றென்றும் நன்றியுடையவளாய் இருப்பேன். இதை அவள் எங்கே படித்தாள் என்று எனக்குத் தெரியும். இதே கடையில், இதே மேசையில்தான்.

அப்போது இது என் வாப்பாவின் டைப்பிங் கடை. தோட்டத்து ஆட்கள் தோட்டத்தை நடத்தும் துரைக்கும், கூரைத் தகரம் கேட்டு ஒஃபிஸுக்கும், பேரைத் திருத்தச் சொல்லி அரசாங்கக் கச்சேரிக்கும் மனு எழுத வருவார்கள். அழகம்மா மாமியும் வருவார், கிருஷ்ணகுமாரியின் அம்மா. காலையில் றப்பர் பால் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கையில் அந்தப் புளித்த வாசத்தோடு வந்து வாசலிலேயே நிற்பார். நாங்கள் இரண்டு பேரும் ஆறாம் வகுப்பு. ஸ்கூல் விட்டு வந்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வாப்பா தட்டும் மனுக்களைச் சத்தமாகப் படித்துச் சிரிப்போம். கருணை கூர்ந்து என்று வரும் இடத்தில் அவள் கையைக் கூப்பி நடிப்பாள். வாப்பா கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "கேலி பண்ணாதீங்க புள்ளையள், இப்படி எழுதினாத்தான் அவனுகள் வாசிப்பானுகள்" என்பார்.

அந்த நாட்கள் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வாப்பா மவுத்தாகி ஏழு வருஷம். டைப்ரைட்டர் இப்போதும் அலுமாரிக்கு மேலே துணி போர்த்தி இருக்கிறது. மீதி இருப்பது அவள் கடைக்கு வந்து உட்காரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

"உனக்கு என்ன ஏழ்மைடீ? ஆறு வருஷம் இங்க உள்ள கம்பனி லேப்ல நின்று கையுறையில ஓட்டை இருக்கா என்று பார்த்திருக்கே. உன் கையெழுத்து இல்லாம ஒரு பெட்டி கப்பல் ஏறாது. கருணை என்னத்துக்கு?" என்றேன்.

"எனக்கு அந்த வீடு வேணும் ஹபீஸா" என்றாள் அவள், குரலை இறக்கி.

அவ்வளவுதான் விஷயம். ஹொரணையில் தொழிற்சாலைக்கு நடக்கும் தூரத்தில் இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். வீட்டுக்குள்ளேயே பைப். அழகம்மா மாமிக்கு முழங்கால் போய்விட்டது. லயத்து வீட்டிலிருந்து தண்ணீர்ப் பீலிக்கு இறங்கி ஏற நாற்பத்தொரு படி. போன மாதம் வாளியோடு விழுந்து, நல்ல வேளை கையில் சிராய்ப்போடு போயிற்று. வாடகை, சாப்பாடு, மாமியின் மருந்து எல்லாம் பார்த்தால் மாதம் ஒரு இலட்சமாவது கையில் இருந்தால்தான் அந்த வீடு.

"சரி, இப்ப உனக்கு என்ன சம்பளம்?"

"எண்பத்தஞ்சு."

"பிடிச்சது போகவா, பிடிக்காமலா?"

அவள் என்னைப் பார்த்தாள். "என்ன கேக்குற? சம்பளம்னா கைக்கு வர்றதுதானே?"

எனக்கு அப்படியே விளங்கிவிட்டது. தோட்டத்தில் சம்பள நாள் என்றால் நான் பார்த்திருக்கிறேன். அட்வான்ஸ் வெட்டி, சேமலாப நிதி வெட்டி, சங்கக் காசு வெட்டி, தேயிலைத்தூள் வெட்டி, கோயில் காசும் வெட்டி, மிச்சம்தான் கைக்கு. ரோட்டில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி நிறுத்திக் கேட்பதும் ஒரே கேள்விதான்: கைக்கு எவ்வளவு? வெட்டுக்கு முன்னால் உள்ள தொகையை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். அது துரையின் புத்தகத்தில் கிடக்கும் காசு, அவர்களுடையதாக யாரும் நினைத்ததில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள், டிலினி போனில் சிங்களத்தில் "படிய கீயத", சம்பளம் எவ்வளவு என்று கேட்டதும் எண்பத்தையாயிரம் என்று சொல்லியிருக்கிறாள். ஹொரணைக்காரன் அதை மொத்தச் சம்பளம் என்று எடுத்து, அதற்கு மேல் பத்தாயிரம் போட்டுப் பெரிய மனசு காட்டியிருக்கிறான்.

"பே ஸ்லிப்பை எடு" என்றேன்.

போனில்தான் இருந்தது. அடிப்படைச் சம்பளம் எழுபத்தையாயிரம். போக்குவரத்துக்கும் லீவு எடுக்காததற்கும் பதினாறாயிரம். மொத்தம் தொண்ணூற்றோராயிரம். சேமலாப நிதிக்கு ஆறாயிரம் பிடித்து, கைக்கு எண்பத்தைந்து. ஹொரணையில் தருவதாகச் சொன்ன தொண்ணூற்றைந்து முழுவதும் அடிப்படைச் சம்பளம், தனிப் படிகள் இல்லை. நூற்றுக்கு எட்டுப் பிடித்தால் கைக்கு எண்பத்தேழாயிரத்து நானூறு.

"இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க்காடீ அம்மாவைக் கட்டி இழுத்துட்டுப் போகப் போறே?"

அவள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "நானே கெடுத்துக்கிட்டேனா?"

"கெடவில்லை. இன்னும் கையெழுத்துப் போடலையே" என்றேன். கல்குலேட்டரை இழுத்துத் தட்டினேன். கைக்கு ஒரு இலட்சம் வர வேண்டும் என்றால் மொத்தம் ஒரு இலட்சத்து ஒன்பதாயிரம் வேண்டும். பேரம் பேசக் கொஞ்சம் இடம் விட்டு நூற்றுப் பன்னிரண்டு கேட்பது என்று முடிவானது.

பிறகுதான் சண்டை. நான் எழுதிய முதல் வரியிலேயே நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்று போட்டேன். அவள் அழித்தாள். "தப்பு என்னோடது. அவங்க மேல போடக்கூடாது."

"பிழையை ஒத்துக்கிட்டா இன்னும் கீழே மிதிப்பானுகள்."

"ஒத்துக்கிட்டு பே ஸ்லிப்பை வச்சா, மிதிக்க இடம் இருக்காது" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, எனக்குத்தான் வாய் அடங்கவில்லை. பதிலுக்கு நான் கருணையை வெட்டினேன், ஏழ்மையை வெட்டினேன். வீட்டைப் பற்றியும் அம்மாவின் முழங்காலைப் பற்றியும் அவள் எழுதிய நாலு வரியையும் வெட்டினேன். "சம்பளம் உன் வேலைக்கு. உன் கஷ்டத்துக்கு இல்லை" என்றேன். ஒரு மணி நேரத்தில் மூன்று பேருக்கு ரீலோட் போட்டு, ஒருவருக்கு அடையாள அட்டை போட்டோக் கொப்பி எடுத்துக்கொடுத்து, நடுநடுவே இவ்வளவையும் எழுதி முடித்தோம்:

*வணக்கம் மிஸ் டிலினி. என்னைத் தெரிவு செய்ததற்கும், விவரத்தை உடனே அனுப்பியதற்கும் நன்றி. ஒரு திருத்தம் உண்டு. நான் போனில் சொன்ன எண்பத்தையாயிரம், பிடிப்பனவுகள் போக என் கைக்கு வரும் தொகை. அதைத் தெளிவாகச் சொல்லாதது என் தவறு, மன்னிக்கவும். என் தற்போதைய மொத்தச் சம்பளம் தொண்ணூற்றோராயிரம். கடந்த மாத பே ஸ்லிப்பை இணைத்துள்ளேன். எனது ஆறு வருடத் தரப் பரிசோதனை அனுபவத்தையும் புதிய பதவியின் பொறுப்பையும் வைத்து, மொத்தச் சம்பளம் ஒரு இலட்சத்துப் பன்னிரண்டாயிரம் எதிர்பார்க்கிறேன். தொண்ணூற்றையாயிரத்துக்கு என்னால் சம்மதிக்க இயலாது. இந்த வேலையில் எனக்கு உண்மையான விருப்பம் உண்டு. திருத்திய தொகையை எழுத்தில் தந்தால், அன்றே என் பதிலைச் சொல்வேன்.*

"இயலாது என்பது கொஞ்சம் முரட்டுத்தனமா இல்லையா?" என்று கேட்டாள்.

"நன்றியும் மன்னிப்பும் முன்னாலேயே சொல்லியாச்சு, மரியாதையாத்தான் இருக்கு. அனுப்பு."

அனுப்பும் பட்டனுக்கு மேலே அவள் விரல் நின்றது. அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. இந்தக் கடிதம் நன்றாக வேலை செய்தால் இவள் போய்விடுவாள். அழகம்மா மாமியும் போய்விடுவார். பதினாறு வருஷமாக இந்த வாங்கில் உட்கார்ந்து என் தேத்தண்ணியைக் குடித்து, நான் ஈக்கி என்றால் இருக்கு என்று திருத்திச் சிரிக்கிற ஒருத்தியை, என் கையாலேயே எழுதி அனுப்பி வைக்கிறேன். கருணை கூர்ந்து என்றே விட்டிருந்தால் ஹொரணைக்காரன் பேசாமல் இருந்திருப்பான், இவளும் இங்கேயே இருந்திருப்பாள். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் விரலைப் பிடித்து நானே அழுத்தினேன்.

திங்கள் பத்து மணி தாண்டியும் பதில் இல்லை. மாலையில் அவள் போன் எடுத்து, "அந்த இன்னொரு ஆளுக்கே குடுத்துட்டாங்க போல" என்றாள். குடுக்கட்டும் என்று சத்தம் போட்டுவிட்டு, போனை வைத்தபிறகு நான் துஆ கேட்டேன். செவ்வாய் இரண்டரைக்கு மறுபடியும் ஒரு ஸ்கிரீன்ஷொட் வந்தது. பே ஸ்லிப்பைப் பார்த்ததாகவும், மொத்தம் ஒரு இலட்சத்து ஒன்பதாயிரம் தருவதாகவும், கடிதம் ஈமெயிலில் வருவதாகவும் இருந்தது. இந்தத் தடவை டிலினியின் சிரிக்கும் முகத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை.

அன்று மாலை வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கியவள், மாமியையும் மூன்று சில்லு வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள். மாமி வாசலில் நின்றபடியே வழக்கம்போலக் கேட்டார்.

"நூத்தி ஒன்பதாமே. கைக்கு எவ்வளவும்மா?"

"கைக்கு நூறாயிரத்து இருநூத்தி எண்பது. ஆனா சம்பளம் நூத்தி ஒன்பதும்மா. பிடிக்கிறதும் நம்ம காசுதான்" என்றாள் அவள்.

மாமி முதல் தடவையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்து, வாப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் முதலாம் திகதி அவர்கள் சாமான் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பார்க்கப் போகவில்லை, கடையில் வேலை என்று பொய் சொன்னேன். இரவு அவளிடமிருந்து செய்தி வந்தது. பைப்பைத் திறந்துவிட்டு அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதி, மாசத்துக்கு ஒரு ஞாயிறு கட்டாயம் வருவேன் என்றும் போட்டிருந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதினேன். உங்கள் ஒஃபருக்கு நன்றி. ஒரு ஞாயிறுக்கு என்னால் சம்மதிக்க இயலாது. பஸ் பிந்தியது, மழை, அம்மாவுக்குச் சுகமில்லை எல்லாம் வெட்டியது போக, கைக்கு இரண்டு ஞாயிறு எதிர்பார்க்கிறேன். எழுத்தில் தரவும்.

நீல நிற இரண்டு கோடு விழுந்தது. கொஞ்ச நேரம் எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள்.

"கைக்கு இரண்டு" என்று வந்தது.