காசு கொடுத்து வாங்காத பார்வைகள்

மீடியா கிட் என்றால் என்னவென்று எனக்கு முதலில் சொன்னவள் என் அக்காதான். கம்பெனிகளிடம் விளம்பர வேலை கேட்டுப் போகும்போது கையில் கொடுக்கும் ஜாதகம் அது என்றாள். நீ யார், எதைப் பற்றி வீடியோ போடுகிறாய், உன்னை யார் பார்க்கிறார்கள், எத்தனை பேர், ஒரு வீடியோவுக்கு என்ன வாங்குவாய், எல்லாம் ஐந்தாறு பக்கத்துக்குள் வந்துவிட வேண்டும். தம்பட்டம்தான், ஆனால் கணக்கோடு அடிக்கும் தம்பட்டம்.

நான் கறைக்காரி. பதினோரு வருஷம் ஒரு பெரிய சலவைக் கடையில் கறை எடுக்கும் மேசையில் நின்றவள். கடையை மூடியதும் வீட்டில் உட்கார்ந்து சுவரை முறைத்துக்கொண்டிருந்தேன். அக்காதான் வீடியோ போடச் சொன்னாள். விளம்பரக் கம்பெனியில் வேலை பார்ப்பவள், கணக்குத் தொடங்கிக் கொடுத்ததும் அவளே. சட்டையில் மை கொட்டினால் தேய்க்காதே, ஒத்தி எடு. ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது, பச்சைத் தண்ணீர் ஊற்று. இதையெல்லாம் குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து பேசினேன். முகம் பாதிதான் தெரியும், கை முழுசாகத் தெரியும்.

முதல் வீடியோவைப் பத்தொன்பது பேர் பார்த்தார்கள். அன்றைக்கு நான் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனேன். அடுத்த வாரம் இரண்டாவதைப் போட்டேன், ஆயிரத்தைத் தாண்டியது. மூன்றாவது நாலாயிரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தாயிரம் வந்த அன்று என் வீட்டுக்காரர் கேக் வாங்கிவந்தார். அக்கா கைதட்டினாள். நான் அந்த வயதிலும் வெட்கப்பட்டேன்.

எத்தனை பேர், எந்த வழியாக வந்து பார்த்தார்கள் என்று காட்டும் புள்ளிவிவரப் பக்கத்தை மட்டும் அக்கா என்னைப் பார்க்க விடமாட்டாள். அதைப் பார்த்தால் வேலை ஓடாது, எண் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கையைப் பார் என்பாள். நியாயமாகத்தான் பட்டது.

துணி துவைக்கும் திரவம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி, புதிதாகச் சந்தைக்கு வந்தது, வீடியோ செய்பவர்களைத் தேடுவதாக அக்கா சொன்னாள். மூன்று வீடியோ, ஒழுங்கான சம்பளம். நான் ஆட்டம் கண்டுவிட்டேன். கிடைத்தால் இதுதான் என் தொழில், கிடைக்காவிட்டால் இன்னொரு கடையில் போய் மேசை கேட்க வேண்டியதுதான் என்று எனக்கு நானே பந்தயம் கட்டிக்கொண்டேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கிட்டைச் செய்தோம். முதல் பக்கத்தில் என் படம். அடுத்ததில் பார்வையாளர்கள்: பெண்கள் அதிகம், இருபத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வயது. அப்புறம் சராசரிப் பார்வை, அதிகம் ஓடிய மூன்று வீடியோ, கட்டணம். எண்களையெல்லாம் அக்கா அவள் போனைப் பார்த்துச் சொன்னாள், நான் தட்டினேன். எல்லாம் முடிந்த பிறகு நான் என் சொந்தச் சரக்காக ஒரு வரி சேர்த்தேன். 'இந்தப் பார்வைகளில் ஒன்றுகூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை.'

அக்கா அதை அழித்தாள். இடத்தை அடைக்குது என்றாள். நான் எழுத்தைச் சின்னதாக்கி மறுபடி போட்டேன். கொஞ்சம் திமிராகத் தெரியுது என்றாள். தெரியட்டுமே என்றேன். பத்து பேர் பூசி மெழுகுகிற இடத்தில் நான் நேர்மையாக நிற்கிறேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? மறுபடி அழிக்கப் போன விரலை அவள் எடுத்துக்கொண்டாள். பிறகு, சரி உன் இஷ்டம் என்று சொல்லி, அவள் கையாலேயே அனுப்பினாள்.

மூன்றாம் நாள் அந்தக் கம்பெனியில் இதைப் பார்க்கிற பெண் எழுதியிருந்தாள். கிட் பிடித்திருக்கிறது, புள்ளிவிவரப் பக்கத்தைத் திரைப்பதிவாக எடுத்து அனுப்ப முடியுமா, வெறும் படம் என்றால் திருத்திவிடலாம் என்பதால் எல்லோரிடமும் கேட்கிறோம் என்று. அக்கா அலுவலகத்தில் இருந்தாள், போனை எடுக்கவில்லை. இதுக்கெல்லாம் அவள் எதற்கு என்று நானே பதிவை ஓடவிட்டு, பக்கத்தை மேலிருந்து கீழே மெதுவாகத் தள்ளி, அனுப்பிவிட்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட இல்லை. நமக்குத்தான் மடியில் கனமில்லையே.

சாயங்காலம் அந்தப் பெண் கூப்பிட்டாள். மரியாதையான குரல்.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். கடைசி மூணு மாசப் பார்வையில எண்பத்தாறு சதவீதம் காசு கட்டி ஓட்டின விளம்பரத்துலேர்ந்து வந்ததா காட்டுது. விளம்பரம் போடறது தப்பில்ல, நிறையப் பேர் போடறாங்க. ஆனா நீங்க கிட்ல வேற மாதிரி எழுதியிருக்கீங்களே?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வேறென்ன சொல்ல? போனை வைத்துவிட்டு முதல்முறையாக அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தேன். ஒவ்வொரு வீடியோவாகத் திறந்தேன். இரண்டாவதிலிருந்து எல்லாவற்றுக்கும் பின்னால் காசு கட்டிய விளம்பரம் ஓடியிருந்தது. விளம்பரம் இல்லாதது அந்த முதல் வீடியோ ஒன்றுதான்.

அக்கா வேலை முடிந்து நேராக வந்தாள். நான் போனை அவள் முன்னால் வைத்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. பார்த்ததுமே அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அவள் பணம், அவள் கார்டு, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டிருக்கிறாள்.

"அன்னைக்கு நீ சாப்பிடாம எழுந்து போனியே, எனக்கு மனசு கேக்கல. நாலு பேர் கண்ணுல படற வரைக்கும் தள்ளி விடலாம், அப்புறம் தானா ஓடும்னு நெனச்சேன். ஓடல. நிறுத்துனா நீ உடைஞ்சு போயிடுவ."

என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அப்போது புரிந்தது, கேக் வாங்கிய அன்றைக்கே அவருக்குத் தெரியும். வீடே சேர்ந்து எனக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்து விளையாடவிட்டிருக்கிறது, நான் அதை வைத்துக்கொண்டு ஊருக்கு நியாயம் பேசியிருக்கிறேன்.

தள்ளிவிட்டதைக்கூட மன்னித்துவிடுவேன் என்று அக்காவிடம் சொன்னேன். அந்த வரியை நான் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே, பொய் என்று தெரிந்தும் என் பெயரில் அனுப்பினாளே, அதுதான் ஆறவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டது நான். செய்யாத திருட்டுக்கு.

"வேற என்ன பண்ணியிருக்கணும்னு சொல்ற?" என்று கேட்டாள்.

"பத்தொம்பதுன்னா பத்தொம்பதுன்னு விட்டிருக்கணும்."

அவள் போன பிறகு கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினேன், விளம்பரங்களை நிறுத்தினேன். கிட்டைத் திறந்து அந்த வரியை எடுத்தேன். விளம்பரம் மூலம் வந்தது எவ்வளவு, தானாக வந்தது எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகப் போட்டேன். தானாக வந்த எண் அந்தப் பெரிய பக்கத்தில் பரிதாபமாக உட்கார்ந்திருந்தது. முதலில் எழுதியது தவறு, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று இரண்டு வரி சேர்த்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். திருத்தி அனுப்பியதற்கு நன்றி, இந்த முறை வேறொருவரை எடுத்துவிட்டோம் என்று பதில் வந்தது. நம்பினாளா இல்லையா, தெரியாது. நானாக இருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

அக்கா தினமும் கூப்பிடுகிறாள், நான் எடுப்பதில்லை. அவளுக்குச் சொல்ல ஒரு பதில் என்னிடம் இருந்தது. இரண்டாவதையும் பத்தொன்பது பேர்தான் பார்த்திருந்தாலும் நான் மூன்றாவதை எடுத்திருப்பேன் என்று சொல்ல வேண்டும். பல தடவை வாய்வரை வந்துவிட்டது. ஆனால் எடுத்திருப்பேனா? ஒரு பத்தொன்பதுக்கே தட்டை விட்டு எழுந்து போனவள், இரண்டாவது பத்தொன்பதுக்குப் பிறகும் அந்த முக்காலியில் வந்து உட்கார்ந்திருப்பாளா? அதை நான் தெரிந்துகொள்ள ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது. அதை எனக்குத் தெரியாமல் அவள் வாங்கிவிட்டாள்.