மூன்று பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம்

துபாயில் இரண்டு கம்பெனிகள் நிஸாரை வேலைக்கு அழைத்தன. முதலாவதில் வருடச் சம்பளம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் திர்ஹம். வேறொரு சல்லியும் கிடையாது. இரண்டாவதில் சம்பளம் ஒரு லட்சத்து எண்பதாயிரம்தான். ஆனால் போனஸ் நாற்பதாயிரம் வரை, மூன்று பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எழுபத்தைந்தாயிரம் வரை.

"ரெண்டாவதுல மொத்தம் கிட்டத்தட்ட மூணு லட்சம்," என்றான் மனைவி ஹனாதியிடம்.

"போனஸ் பாதிதான் வரும்னு அங்க வேலை செய்யிற உன் தம்பியே சொன்னான். ஸ்கூல் ஃபீஸ், ரசீது காட்டினாத்தான். நமக்குப் புள்ளையே இல்ல."

"பெத்துக்கலாம்."

"அது பள்ளிக்கூடம் போறவரைக்கும் உனக்கு வருஷம் ரெண்டு லட்சம்தான்."

நிஸாருக்கு எழுபத்தைந்தாயிரத்தைக் கைவிட மனமில்லை. சோபாவில் தூங்கிய பூனையையே பார்த்தான். "இதை ஸ்கூல்ல சேத்துக்குவாங்களா?"

ஹனாதி முதல் கம்பெனியின் ஒப்பந்தத் தாளில் பேனாவை வைத்து அவனிடம் நகர்த்தினாள். "முதல்ல உன்னைச் சேக்கணும். கூட்டத் தெரியுது, கழிக்கத் தெரியல."