ஃபிரெட்ரிக் நடக்கும் பன்னிரண்டு விநாடி

மயிலாப்பூர் வீட்டில் அம்மா துணி காயப்போட மாடிக்குப் போன பத்து நிமிடத்தில் ஃபிரெட்ரிக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். வயது முப்பத்து நான்கு. பேச்சு நாலைந்து சொற்களுக்கு மேல் வராது. பெயர் கேட்டால் சிரிப்பான்.

ஆழ்வார்பேட்டையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோவில் எடிட்டராக இருந்த அவன் தங்கை வெரோனிகாவுக்குத் தகவல் வந்தபோது மணி பத்தரை. போலீசில் புகார் கொடுத்தாயிற்று. பெரியப்பா மகன் கிளிஃபர்ட் பைக்கில் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருந்தான்.

"போட்டோ போடு வெரோ, எல்லா குரூப்லயும்" என்றான் போனில்.

போட்டோக்களில் ஃபிரெட்ரிக் ஃபிரெட்ரிக்காகவே இருக்க மாட்டான். கேமராவைப் பார்த்ததும் முகம் விறைத்துவிடும். அவனை அடையாளம் காட்டுவது நடைதான்: குதிகால் தரையில் படாமல், வலது கையால் தொடையைத் தட்டிக்கொண்டே போவான். போன மாதம் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் கல்யாணத்தை இந்த ஸ்டூடியோதான் எடுத்தது. அதில் அவன் மண்டபத்தைக் கடந்து நடக்கும் பன்னிரண்டு விநாடி அவளுக்கு நினைவிருந்தது.

அகலமான காட்சி அது. போனில் ரீல்ஸாக, ஸ்டேட்டஸாகப் போக வேண்டுமென்றால் நெட்டையாக வெட்ட வேண்டும். அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆளைப் பின்தொடர்ந்து தானே வெட்டித் தரும் வசதி மென்பொருளில் இருந்தது. அதை அழுத்தினாள். முகம் நன்றாகத் தெரியட்டும் என்று ஒன்றரை மடங்கு பெரிதாக்கினாள். முதல் சில விநாடிகள் ஓட்டிப் பார்த்தாள், ஃபிரெட்ரிக் நடுவில் இருந்தான். கீழே அவன் பெயரும் 'மயிலாப்பூர்' என்ற இடமும் தன் போன் நம்பரும் போட்டு ஏற்றிவிட்டாள். அவசரத்தில் முழுசாகப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். ஒரு அழைப்புகூட வரவில்லை. ஒன்றேகாலுக்குக் கிளிஃபர்டிடமிருந்து வந்தது.

"வெரோ, மந்தைவெளில என்னைப் புடிச்சு உக்கார வெச்சிருக்காங்க."

"யாரு?"

"தெரியாதவங்க. ஜூஸ் வாங்கிக் குடுத்து, 'பயப்படாத தம்பி, வீட்ல சொல்லிட்டோம்'ங்கறாங்க. நீ போட்ட வீடியோல நான்தான் இருக்கேனாம்! நான் இல்லன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

அவள் வீடியோவைத் திறந்து கடைசிவரை பார்த்தாள். எட்டாவது விநாடியில் ஃபிரெட்ரிக்கும் கிளிஃபர்டும் எதிரெதிரே கடக்கிறார்கள். மென்பொருள் அங்கே தடம் மாறி, கேமராவைப் பார்த்தபடி வந்த கிளிஃபர்டைப் பிடித்துக்கொண்டுவிட்டது. கடைசி நாலு விநாடி முழுக்க அவன் முகம். பெரிதாக்கியதில் ஃபிரெட்ரிக்குக்கு முழங்காலுக்குக் கீழே வெட்டுப்பட்டு, குதிகாலும் போய்விட்டது. போதாக்குறைக்கு, போன் நம்பர்மேல் செயலியின் எழுத்துகள் வந்து படிந்திருந்தன. கிளிஃபர்டைப் பிடித்தவர்கள் வீடியோவின் கீழே கருத்தில்தான் எழுதியிருந்தார்கள்.

இரண்டு மணி நேரம் ஊரே வேறொருவனைத் தேடியிருக்கிறது. அவள் அழித்தாலும், ஏற்கெனவே இறக்கிப் பகிர்ந்தவர்களிடமிருந்து எப்படிப் பிடுங்குவது?

பக்கத்து மேசை ஆசிஃப் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். "வெட்டற சட்டத்தக் கையாலயே நகத்தும்மா. பன்னண்டு செகண்டுதானே."

அழித்தாள். மறுபடி ஆரம்பித்தாள். இம்முறை பெரிதாக்கவில்லை, உச்சியிலிருந்து பாதம்வரை முழு உயரமும் இருக்கட்டும். அதிகத் தெளிவோடு எடுத்த ஃபோர்-கே காட்சி என்பதால் தெளிவு குறையவில்லை. ஒரு விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி, சட்டத்தைக் கையால் நகர்த்தி அவனை உள்ளே வைத்தாள். அவன் போகும் திசையில் கொஞ்சம் இடம் விட்டாள். இல்லையென்றால் தொடையைத் தட்டும் கை ஓரத்தில் வெட்டுப்படுகிறது. எட்டாவது விநாடியில் மட்டும் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினாள். நம்பரைக் கீழிருந்து எடுத்து அவன் தலைக்கு மேலே போட்டாள். கடைசிவரை மூன்று முறை ஓட்டிப் பார்த்த பிறகே ஏற்றினாள். 'பழைய வீடியோவில் கடைசியில் வருபவர் வேறு நபர்' என்று எழுதவும் மறக்கவில்லை.

மூன்றரை மணிக்குத் தெரியாத நம்பர்.

"சண்முகவேல் பேசறேம்மா, வடபழனி டிப்போ பஸ் கண்டக்டர். உன் வீடியோல கீறவரு மாதிரியே ஒருத்தரு நம்ம வண்டில குந்திக்கினு கீறாரு. சட்டை வேற. ஏறும்போது பார்த்தேன், குதிகால் கீழ வெக்காம நடந்தாரு."

"கை? கையால என்னா பண்றாரு?"

"தொடையத் தட்டிக்கினே கீறாரு. எறங்குப்பான்னா எறங்க மாட்டேங்கறாரு. வண்டி டிப்போலதான் நிக்குது, வாம்மா."

ஆசிஃபின் ஸ்கூட்டரில் பறந்தாள். வழியெல்லாம் அது வேறு யாராகவோ இருந்துவிடுமோ என்ற பயம் விடவில்லை. பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் அவன். அவளைப் பார்த்து, கண்டக்டரைக் காட்டி, "போலாம்" என்றான் கோபமாக.

"வண்டி இப்ப மயிலாப்பூர் பக்கந்தான் போவுது. உக்காருங்க ரெண்டு பேரும்" என்றார் சண்முகவேல்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். அங்கே எடுத்ததும் போனை ஃபிரெட்ரிக்கின் வாயருகே வைத்தாள்.

"அம்மா" என்றான் அவன்.